சாரம் விற்கப் போய் கடற்கரைத் துணி தேடுபவருக்குக் காசு கட்டுவது ஏன்? இணைய விளம்பரத்தில் பொருளின் தலைப்பை எழுதும் முறை

லண்டனில் இருக்கும் ஒருவர் தன் கைத்தொலைபேசியில் கூகுளைத் திறந்து `mens cotton sarong` என்று தட்டுகிறார். பதில்களுக்கு மேலே சின்னச் சின்னப் படங்களாக ஒரு வரிசை வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொருளின் பெயர், விலை, கடையின் பெயர். அந்தப் படங்களில் ஒன்றை அவர் தொட்டால் அந்தக் கடை கூகுளுக்குப் பணம் கட்டவேண்டும். அவர் வாங்கினாலும் சரி, பார்த்துவிட்டுத் திரும்பினாலும் சரி, தொட்டதற்கான பணம் தொட்டதற்குத்தான்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் நெய்யப்படும், தைக்கப்படும், பொதி செய்யப்படும் பொருட்களைப் புலம்பெயர் உறவுகள் இணையக் கடை வைத்து விற்பது புதிய விடயம் அல்ல. அந்தக் கடைகளின் பொருட்பட்டியலை இங்கிருந்தே மடிக்கணினியில் நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படம் எடுப்பதற்கும் விலை போடுவதற்கும் எடுக்கும் கவனத்தில் கால்வாசியைக்கூடப் பலர் அந்தப் படத்துக்குக் கீழே வரும் ஒரு வரிக்குக் கொடுப்பதில்லை. ஆனால் விளம்பரம் யாருடைய கண்ணில் படவேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அந்த வரிதான். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

சாதாரண எழுத்து விளம்பரத்தில் கடைக்காரரே சொற்களைத் தெரிவு செய்கிறார். 'இந்தச் சொல்லை யாராவது தேடினால் என் விளம்பரத்தைக் காட்டு' என்று கூகுளிடம் சொல்லிவிடலாம். படத்துடன் வரும் பொருள் விளம்பரத்தில் அந்த வசதி இல்லை. அங்கே சொற்பட்டியல் கொடுக்க இடமே கிடையாது. கடைக்காரர் கொடுப்பது தன் பொருட்களின் அட்டவணையை மட்டும். அதைத் துறையில் உள்ளவர்கள் ஃபீட் என்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஒரு வரி. `id`, `title`, `description`, `price`, `brand`, `color`, `size` என்று நிரல்கள். கூகுள் மேர்ச்சன்ட் சென்டர் என்ற தளத்தில் இந்த அட்டவணையை ஏற்றிவிட்டால், எந்தத் தேடலுக்கு எந்தப் பொருளைக் காட்டுவது என்பதைக் கூகுளின் இயந்திரமே முடிவு செய்யும். விவரணம், பொருள் வகை, கடைப் பக்கம் என்று பலவற்றையும் அது வாசிக்கிறது. இருந்தாலும் தலைப்புக்கு அங்கே தனி எடை உண்டு. எழுத்து விளம்பரத்தில் தெரிவுச் சொற்கள் செய்யும் வேலையை இங்கே தலைப்புத்தான் செய்கிறது. அதோடு வாங்குபவரின் கண்ணுக்குப் படுவதும் அதே தலைப்புத்தான்.

தலைப்புக்கு 150 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் வழக்கமாகத் தெரிவது முதல் 70 எழுத்துகள் அல்லது அதற்கும் குறைவு. கைத்தொலைபேசித் திரையில் இன்னும் முன்னதாகவே வெட்டுப்பட்டு மூன்று புள்ளிகள் வந்துவிடும். ஆகவே என்ன எழுதுவது என்பதைப் போலவே எதை முன்னுக்கு எழுதுவது என்பதும் முக்கியமாகிறது. வர்த்தகப் பெயர், பொருளின் வகை, அளவு, நிறம் ஆகிய நான்கையும் எந்த வரிசையில் வைப்பது?

ஒரு சாரத்தின் கதை

எடுத்துக்காட்டுக்கு ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். வன்னியில் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கைத்தறி நிலையம் ஆண்களுக்கான பருத்திச் சாரம் நெய்கிறது. அதை லண்டனில் உள்ள ஒரு சிறிய இணையக் கடை வாங்கி விற்கிறது. கடையின் பெயர் நிலா என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஆசையோடு எழுதிய முதலாவது தலைப்பு இது:

```
NILA Super Quality Handmade by War Affected Women of Vanni Sarong FREE DELIVERY
```

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் எழுத்துகளை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 79. பொருள் என்ன என்று சொல்லும் ஒரே சொல்லான `Sarong` 60ஆவது எழுத்தில்தான் தொடங்குகிறது. முதல் 30 எழுத்துகளோடு திரை வெட்டினால் வாசிப்பவருக்குத் தெரிவது `NILA Super Quality Handmade by` என்பது மட்டும். அது சாரமா, சவர்க்காரமா, சுவரில் மாட்டும் படமா என்பதை அவர் படத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எங்களுக்கு சாரம் என்றால் ஆண்கள் வீட்டில் உடுப்பது. அதற்கு ஆங்கிலத்தில் சரோங் என்றுதான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எழுதிப் பழகிவிட்டோம். பிரித்தானியாவிலோ கனடாவிலோ அந்தச் சொல்லைத் தட்டுபவர்களில் பெரும்பாலானோர் நினைப்பது வேறொன்றை: பெண்கள் கடற்கரையில் நீச்சலுடைக்கு மேல் சுற்றிக்கொள்ளும் மெல்லிய துணி. ஆணுக்கான உடுப்பு என்று தலைப்பில் எங்கேயும் சொல்லாமல் வெறுமனே `Sarong` என்று விட்டால், கோடை விடுமுறைக்குத் துணி தேடும் ஒருத்திக்கு எங்கள் வன்னிச் சாரத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு இயந்திரத்துக்குத் தடை எதுவும் இல்லை.

இங்கே இன்னொன்றும் நடக்கிறது. நெய்தவர்கள் பெண்கள் என்பதைச் சொல்வதற்காக எழுதிய `Women` என்ற சொல், அணிபவர் பெண் என்பதற்கான அடையாளமாகவும் வாசிக்கப்படலாம். `Women` என்பதும் `Sarong` என்பதும் ஒரே தலைப்பில் இருந்தால் `womens sarong` என்ற தேடலோடு அது பொருந்திப் போகும். கடைக்காரர் நினைத்தது ஒன்று, இயந்திரம் விளங்கிக்கொள்வது வேறொன்று.

இதனால் போகும் காசைச் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தொடுகைக்கு 40 பென்ஸ், ஒரு நாளுக்கு விளம்பரத்துக்கு ஒதுக்கியது 5 பவுண்ஸ் என்று வையுங்கள். நாளொன்றுக்குப் 12 பேர் வருவார்கள். அதற்குப் பிறகு அன்றைய விளம்பரம் நின்றுவிடும். அந்தப் 12 பேரில் 8 பேர் கடற்கரைத் துணி தேடி வந்தவர்கள் என்றால் 3 பவுண்ஸும் 20 பென்ஸும் போய்விட்டது. பத்து நாளில் 32 பவுண்ஸ். இரண்டு மூன்று சாரம் விற்று எடுக்கும் இலாபம் அது. இதில் கவலைக்குரியது என்னவென்றால், உண்மையில் சாரம் தேடிய நாலாவது ஐந்தாவது ஆள் பின்னேரம் வரும்போது அன்றைய பணம் முடிந்து விளம்பரமே இல்லை. ஒரு மாதம் இப்படிப் போனால் 'எங்கட பொருளுக்கு அங்க கேள்வி இல்லை' என்று கடைக்காரர் முடிவு கட்டிவிடுவார். அடுத்த முறை நிலையத்துக்கு வரும் ஓடர் குறையும்.

வகைதான் முதலில், பெயர் பிறகு

நிலா என்ற பெயரை லண்டனில் யாரும் தேடப்போவதில்லை. தேடுபவர் தட்டுவது பொருளின் வகையை. ஆகவே தலைப்பின் முதல் சொற்கள் யாருக்கு, எந்தத் துணி, என்ன பொருள் என்பதைச் சொல்லவேண்டும்: `Men's Cotton Sarong`. ஆண்களுக்கான இதே உடுப்பைத் தேடும் இந்திய, வங்காளதேசப் பின்னணி கொண்டவர்கள் `lungi` என்ற சொல்லைப் பாவிக்கிறார்கள். எங்களுக்கு சாரமும் லுங்கியும் ஒன்றல்ல என்று யாரும் வாதாடலாம். ஆனால் தேடுபவருக்கு அது ஒரே பொருள். அந்தச் சொல்லும் உண்மையாகப் பொருந்துவதால் அதைப் பக்கத்தில் வைப்பதில் தவறு இல்லை. அதன் பிறகு கைத்தறி என்பது. அது இந்தப் பொருளை ஆலைத் துணியிலிருந்து வேறுபடுத்துகிறது, விலை ஏன் கொஞ்சம் கூட என்பதற்கும் அதுதான் காரணம். பிறகு நிறமும் கோலமும், பிறகு அளவு, கடைசியாகக் கடையின் பெயர்:

```
Men's Cotton Sarong Lungi Handloom, Blue White Check, 2 m, Nila
```

63 எழுத்துகள். 70க்குள் முழுவதும் அடங்குகிறது. 30 எழுத்தில் வெட்டுப்பட்டாலும் `Men's Cotton Sarong Lungi` என்பது முழுதாகத் தெரியும். வெட்டுப்பட்டுப் போவது கைத்தறி என்ற சொல், நிறம், அளவு, கடையின் பெயர் ஆகியவைதான். கடையின் பெயர் எப்படியும் விளம்பரத்தில் தனியாக வருகிறது என்பதால் அதில் நட்டம் இல்லை.

'தம்பி, எங்கட பெயர் முன்னுக்கு வரவேணும், அப்பத்தான் சனத்துக்குப் பழகும்' என்று சொல்லும் கடைக்காரர்களோடு இந்த இடத்தில்தான் பட்டியல் நிரப்புபவருக்கு வழக்கு வரும். பெயர் பழகவேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் முன்னுக்கு வைப்பதற்கு ஒரே காரணம், தேடுபவர் அந்தப் பெயரையே தட்டுகிறார் என்பதாக இருக்கவேண்டும். ஒரு கடை லீவைஸ் காற்சட்டை விற்கிறது என்றால் வரிசை தலைகீழாகும். அங்கே வாங்குபவர் `levis 501` என்றுதான் தட்டுகிறார். அவருக்குப் பெயரும் மாதிரி இலக்கமும்தான் பொருள். ஜீன்ஸ் என்பது அதற்குப் பிறகு:

```
Levi's 501 Original Men's Jeans, W32 L32, Black
```

ஆகவே 'பெயர், வகை, அளவு, நிறம்' என்று எல்லாப் பொருளுக்கும் ஒரே சூத்திரம் சொல்பவர்களை அப்படியே நம்பவேண்டாம். அந்த வரிசை பெயர் பெற்ற நிறுவனங்களின் பொருட்களுக்கு நல்லது. சிறு கடைகளின் சொந்தப் பொருளுக்கு அதே வரிசையைப் போட்டால், யாரும் அறியாத ஒரு சொல்லுக்கு மிக விலையுயர்ந்த இடத்தைக் கொடுத்ததாகிவிடும். `brand` என்ற நிரல் தனியாக இருக்கிறது. பெயரை அங்கே சரியாகப் போட்டால் இயந்திரத்துக்கு அது போதும்.

நெய்தவர்களின் துயரம் எங்கே போகவேண்டும்?

தலைப்பிலிருந்து நான் எடுத்துவிட்டது 'போரால் பாதிக்கப்பட்ட பெண்கள்' என்ற சொற்களை. இது சிலருக்கு நெருடலாக இருக்கலாம். அந்தப் பெண்களுக்காகத்தானே இந்த வியாபாரம், அதையே மறைப்பதா என்று கேட்கலாம்.

தொழில் முறையில் பதில் சுலபம். சாரம் வாங்க வருபவர் அந்தச் சொற்களைத் தட்டுவதில்லை. தலைப்பில் அவை 18 எழுத்துகள் அளவு இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே சொன்னதுபோல அணிபவர் யார் என்பதிலும் குழப்பத்தை உண்டாக்குகின்றன. அந்தத் தகவலுக்கு `description` நிரல் இருக்கிறது, கடைப் பக்கம் இருக்கிறது. யார் நெய்தார்கள், எந்த ஊர், ஒரு சாரத்துக்கு எத்தனை நாள் எடுக்கிறது என்பதை அங்கே ஆறுதலாக எழுதலாம். பக்கத்துக்கு வந்தவர் அதை வாசிப்பார்.

தொழிலுக்கு வெளியே எனக்கு இன்னொரு அபிப்பிராயமும் உண்டு. விலைக்குப் பக்கத்தில், தள்ளிவிட்டுப் போகும் ஒரு சின்னப் படத்துக்குக் கீழே, ஒருவருடைய இழப்பைப் பொருளின் பண்பாக எழுதுவது சரியான இடத்தில் சரியான சொல் அல்ல. நெய்பவரிடம் கேட்டால் நூலின் தரத்தையும் கரையின் நேர்த்தியையும்தான் முதலில் சொல்வார். அவருடைய கதையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரிடமே கேட்டுவிட்டுக் கடைப் பக்கத்தில் எழுதுவது நல்லது.

`FREE DELIVERY` என்பதை எடுத்ததற்குக் காரணம் வேறு. தலைப்பில் விலைக்கழிவு, இலவச விநியோகம் போன்ற விளம்பர வாசகங்களை எழுதக்கூடாது என்பது கூகுளின் விதி. முழுச் சொற்களையும் பெரிய எழுத்தில் கத்துவதுபோல எழுதுவதையும் அது ஏற்பதில்லை. இந்த இரண்டும் இருந்தால் பொருள் நிராகரிக்கப்படலாம். விநியோகக் கட்டணத்துக்கென்று மேர்ச்சன்ட் சென்டரில் வேறு இடம் இருக்கிறது. அங்கே பூச்சியம் என்று கொடுத்தால் போதும்.

மயில்கழுத்து என்ன நிறம்?

நிறத்தில் எங்கள் ஆட்களுக்குத் தனி அகராதியே உண்டு. மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. சேலைக் கடையில் இந்தச் சொற்களைக் கேட்டாலே நிறம் கண்ணில் வந்துவிடும். அவற்றை ஆங்கிலத்துக்கு அப்படியே மாற்றி `Peacock Neck` என்று எழுதும்போதுதான் வில்லங்கம். வாங்குபவர் அதைத் தட்டுவதில்லை, இயந்திரத்துக்கும் அது நிறமாகத் தெரிவதில்லை. மயில்கழுத்துக்கு `Teal` என்றோ `Peacock Blue` என்றோ எழுதலாம். அரக்குக்கு `Maroon`. அழகான பெயரை விட மனமில்லை என்றால் விவரணத்தில் வைத்துக்கொள்ளலாம்.

தலைப்பைத் தவிர `color` என்ற நிரலையும் நிரப்பவேண்டும். பிரித்தானியாவுக்கு அனுப்பினாலும் நிரலின் பெயரை அமெரிக்க எழுத்துக்கூட்டிலேயே எழுதலாம். இரண்டு மூன்று நிறங்கள் கலந்திருந்தால் முக்கியமானதை முன்னுக்கு வைத்து `Blue/White` என்று சாய்கோடு போட்டு எழுதலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம். பல நிறம் என்ற பொருளில் `multicolor` என்று எழுதினால் அது ஒரு நிறமாக ஏற்கப்படுவதில்லை.

ஒரே சாரம் நீலம், பச்சை, அரக்கு என்று மூன்று நிறத்தில் இருந்தால் அட்டவணையில் மூன்று வரி வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு `id`, வெவ்வேறு படம், வெவ்வேறு நிறம் சொல்லும் தலைப்பு. மூன்றும் ஒரே பொருளின் வகைகள் என்பதைச் சொல்ல `item_group_id` என்ற நிரலில் மூன்றுக்கும் ஒரே குறியைக் கொடுக்கவேண்டும். பல கடைகளில் காணும் தவறு, மூன்று வரிக்கும் ஒரே தலைப்பை ஒட்டிவிடுவது. அப்போது அரக்குச் சாரம் தேடியவருக்கு எந்த வரியைக் காட்டுவது என்பதற்குத் தலைப்பில் ஒரு துப்பும் இல்லை. நீலப் படம் போகும். அவர் தொடமாட்டார், அல்லது தொட்டு உள்ளே வந்து நிறத்தைத் தேடிக் களைத்துப் போவார்.

அளவைப் பொறுத்தவரை அதன் இடம் பொருளுக்குப் பொருள் மாறும். சேட்டுக்கு `M`, `L` என்பதை யாரும் பெரிதாகத் தேடலில் தட்டுவதில்லை, ஆகவே அது கடைசியில் இருக்கலாம். கட்டில் விரிப்புக்கு அப்படி அல்ல. `double`, `king` என்பது பொருந்தாவிட்டால் அந்த விரிப்பால் பயனில்லை, ஆகவே அது வகையோடு ஒட்டி முன்னுக்கு வரவேண்டும். பிள்ளைகளின் உடுப்புக்குப் பெற்றோர் தேடுவது வயதை; `5-6 Years` என்று எழுதுவதுதான் அங்கே அளவு. சாப்பாட்டுப் பொருளுக்கு நிறை. பனங்கட்டி விற்பவருக்கு நிறம் என்ற பேச்சே இல்லை:

```
Palmyra Jaggery (Karupatti) 500g, Nila
```

இங்கே அடைப்புக்குறிக்குள் இருப்பது தமிழ் வாங்குநர்கள் ஆங்கில எழுத்தில் தட்டும் சொல். ஊரில் நாங்கள் பனங்கட்டி என்றாலும் தமிழ்நாட்டவர்களும் சேர்த்துத் தேடும் சொல் கருப்பட்டி. எந்த எழுத்துக்கூட்டில் அதிகம் தேடுகிறார்கள் என்பதை ஊகிக்கத் தேவையில்லை, அடுத்துச் சொல்லப்போகும் அறிக்கையில் அது தெரியும்.

பிழை எங்கே என்று எப்படி அறிவது?

கூகுள் விளம்பரக் கணக்கில் `Search terms` என்று ஓர் அறிக்கை இருக்கிறது. உங்கள் விளம்பரத்தைத் தொட்டவர்கள் உண்மையில் எதைத் தட்டிவிட்டு வந்தார்கள் என்பதை அது காட்டும். மிகக் குறைவாகத் தேடப்பட்ட சொற்கள் அதில் தெரியாமல் போகலாம். இருந்தாலும் போக்கை அறிய அது போதும். நிலாவின் பழைய தலைப்போடு அந்த அறிக்கையைத் திறந்தால் `beach sarong`, `bikini cover up`, `womens sarong` என்று வரிசையாக இருக்கும், எதிரே தொடுகைகள் இருக்கும், விற்பனை நிரலில் பூச்சியம் இருக்கும். தலைப்பு யாரை அழைத்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

தலைப்பைத் திருத்துவதோடு இன்னொரு வேலையும் செய்யவேண்டும். பொருள் விளம்பரத்தில் வேண்டிய சொற்களைக் கொடுக்க முடியாது என்றேன். ஆனால் வேண்டாத சொற்களைக் கொடுக்கலாம். `beach`, `bikini`, `womens`, `pareo` ஆகியவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிட்டால், அவை உள்ள தேடலுக்கு விளம்பரம் போகாது. தலைப்பு அழைத்து வருகிறது, விலக்குச் சொல் வாசலில் மறிக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த 8 பேருக்குப் போகும் காசு நிற்கும். விலக்குச் சொல்லைச் சேர்க்கும்போது அவசரம் வேண்டாம்: `women` பிடிக்காது என்று `wrap` என்பதையும் சேர்த்துவிட்டால் `mens wrap lungi` என்று தட்டிய நல்ல வாடிக்கையாளரும் வெளியே நிற்பார்.

இன்னொரு அடையாளம், விளம்பரம் பல தடவை காட்டப்பட்டும் தொடுபவர் மிகக் குறைவாக இருப்பது. சரியான தேடலுக்குத்தான் போகிறது என்று அறிக்கை சொல்கிறது, ஆனாலும் தொடவில்லை என்றால், தெரியும் பகுதியில் தேவையான தகவல் இல்லையோ என்று பார்க்கவேண்டும். பிரச்சினை தலைப்பில் இல்லாமலும் இருக்கலாம். படம் இருட்டாக இருக்கலாம். பக்கத்துக் கடையில் அதே சாரம் பாதி விலையாக இருக்கலாம். தலைப்பால் அதைச் சரிக்கட்ட முடியாது.

கையால் எழுதுவதா?

இருபது பொருள் என்றால் ஒவ்வொன்றாக எழுதலாம், அதுதான் நல்லது. முந்நூறு பொருள் என்றால் ஒரு கூகுள் விரிதாளில் பகுதிகளைத் தனித்தனி நிரலில் வைத்துச் சேர்ப்பது சுலபம். `A` நிரலில் கடைப்பெயர், `B`இல் யாருக்கு என்பது, `C`இல் வகை, `D`இல் நிறம், `E`இல் அளவு என்று வைத்தால் `F` நிரலில் இப்படி எழுதலாம்:

```
=TEXTJOIN(", ", TRUE, TRIM(B2&" "&C2), D2, E2, A2)
=LEN(F2)
=LEFT(F2, 30)
```

முதல் வரி தலைப்பைச் சேர்த்துத் தரும். நடுவில் உள்ள `TRUE` என்பது வெற்றாக இருக்கும் பகுதியை விட்டுவிடச் சொல்கிறது. அங்கே `FALSE` என்று இருந்தால் நிறம் இல்லாத பனங்கட்டிக்கு இரண்டு காற்புள்ளி சேர்ந்து நிற்கும். மற்ற இரண்டும் பக்கத்து நிரல்களுக்கு: ஒன்று நீளத்தை எண்ணும், மற்றது சிறு திரையில் என்ன மிஞ்சும் என்பதைக் காட்டும். அந்தக் கடைசி நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை ஓடி வாசித்தாலே எந்தப் பொருள் என்னவென்று தெரியாமல் நிற்கிறது என்பது பிடிபட்டுவிடும். சாரத்துக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை, பெயர் பெற்ற நிறுவனப் பொருளுக்கு இன்னொரு வரிசை என்று வகைக்கு ஒரு சூத்திரம் வேண்டும். ஒரே சூத்திரத்தைக் கடை முழுவதும் இழுத்துவிட்டால் பழைய சிக்கல் வேறு உருவில் வரும்.

திருத்தும்போது தலைப்பை மட்டும் மாற்றுங்கள், `id` ஐத் தொடவேண்டாம். `id` மாறினால் அது புதிய பொருளாகக் கணக்கிடப்பட்டு, அதுவரை சேர்ந்த விளம்பர வரலாறு அறுந்துபோகும். கடைப் பக்கத்தில் உள்ள பெயரும் அட்டவணைத் தலைப்பும் ஒரே பொருளைச் சொல்லவேண்டும். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கத் தேவையில்லை, ஆனால் தலைப்பில் கைத்தறி என்று எழுதி, பக்கத்தில் அது இல்லாவிட்டால் சிக்கல். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒரு பகுதியை மாற்றி, இரண்டு மூன்று கிழமை விட்டு, மாற்றாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. தீபாவளி, பொங்கல் காலத்தை இந்த ஒப்பீட்டுக்குத் தெரிவு செய்யவேண்டாம். அப்போது தலைப்பு எப்படி இருந்தாலும் உடுப்பு விற்கும்.

விளம்பரத்துக்குப் பணமே இல்லாத கடைகளுக்கும் இந்த வேலை வீண் இல்லை. 2012இல் கூகுள் இந்தப் பொருள் வரிசையை முழுக்கக் கட்டணச் சேவையாக மாற்றியது. 2020இல் அமெரிக்காவில் தொடங்கி, இலவசமாகப் பொருட்களைக் காட்டும் இடத்தையும் மீண்டும் திறந்தது. அதற்கும் வாசிக்கப்படுவது இதே அட்டவணையும் இதே தலைப்பும்தான்.